மேலாண்மைப் படிப்பு: தலைமைத் திறனுக்குச் சான்று காட்டுவது எப்படி?

பணியில் இருப்பவர்களுக்காக அகமதாபாத் ஐ.ஐ.எம். நடத்தும் ஓராண்டு பி.ஜி.பி.எக்ஸ். படிப்பில் சேர, பட்டம் பெற்றபின் குறைந்தது 4 ஆண்டு முழுநேரப் பணி அனுபவமும் ஜிமேட் அல்லது ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணும் தேவை. விண்ணப்பிக்கும் எல்லோரிடமும் அனுபவம் இருக்கும். எனவே தலைமைத் திறனை எப்படிக் காட்டுகிறீர்கள் என்பதே உங்களை வேறுபடுத்தும்.

ஒரு கிடங்கு மேலாளர், "14 பேர் கொண்ட குழுவை வழிநடத்தினேன்" என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இது அவருடைய பதவியை மட்டுமே சொல்கிறது. அதையே இப்படி எழுதலாம்: "மாதம் 20 லாரிகள் தாமதமாகக் கிளம்பின. இரவுப் பணி நேரத்தை மாற்ற முடிவு செய்தேன்; தொழிலாளர்கள் எதிர்த்தனர். புதிய அட்டவணையை அவர்களையே தயாரிக்கச் சொன்னேன். மூன்று மாதங்களில் தாமதம் 6 லாரிகளாகக் குறைந்தது." இதில் பிரச்சினை, முடிவு, எதிர்ப்பு, விளைவு நான்கும் இருக்கின்றன.

எழுதியபின், "நான் இல்லாமலும் இது நடந்திருக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் வேறு நிகழ்வைத் தேடுங்கள்.

பரிந்துரைக் கடிதம் தரும் மேலதிகாரியிடம் இந்த நிகழ்வை முன்பே நினைவூட்டுங்கள். அவர் வேறு எண்ணிக்கையைச் சொன்னால், நேர்முகத் தேர்வில் முதல் கேள்வியே அதுவாக இருக்கலாம்.