கோப்பின் தலையில் மூன்று பைட்

எக்செல்லில் ஒரு சின்னப் பட்டியல்: எண், பெயர், ஊர். முதல் வரிசையில் 1, கயல், மதுரை. இதை சிஎஸ்வியாகச் சேமிக்கப் போனால், கோப்பு வகைகளின் வரிசையில் சிஎஸ்வி என்ற பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்கும். `CSV (Comma delimited)` என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்து, மூடி, மறுபடி திறந்தால் மதுரை இருந்த இடத்தில் `?????` நிற்கும். `CSV UTF-8 (Comma delimited)` என்பதைத் தேர்ந்தெடுத்தால் மதுரை மதுரையாகவே இருக்கும். இந்த இரண்டாவது வகைக் கோப்பின் தொடக்கத்தில், திரையில் தெரியாத மூன்று பைட்டுகள் இருக்கின்றன: `EF BB BF`. தமிழ்ப் பட்டியலை எக்செல்லில் உடையாமல் திறக்க வைப்பவை அவைதான். ஆனால் அவை பிறந்தது வேறொரு வேலைக்கு.

சிஎஸ்வி யூனிகோடைவிட மூத்தது. கமா போட்டுத் தரவைப் பிரிக்கும் வழக்கம் 1970களின் தொடக்கத்திலேயே ஐபிஎம்மின் ஃபோர்ட்ரானில் இருந்தது. அதற்கு எழுதிவைத்த ஒரு விதிமுறை, ஆர்எஃப்சி 4180, வந்ததோ 2005-இல்தான். அதிலும் கமா எங்கே, மேற்கோள்குறி எங்கே, வரி எப்படி முடியும் என்பதுதான் பேச்சு. இந்தப் பைட்டுகள் எந்தக் குறியாக்கத்தில் எழுதப்பட்டவை என்று கோப்புக்குள்ளேயே சொல்லிவைக்க சிஎஸ்வியில் இடமே கிடையாது. திறக்கிற மென்பொருள் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

விண்டோஸின் பழைய ஊகம், கணினிக்கென அமைத்திருக்கும் 'கோட் பேஜ்'. பெரும்பாலும் ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்று வைத்த அட்டவணை அது. தாய் மொழிக்கு 874, அரபிக்கு 1256, வியட்நாமியத்துக்கு 1258 என்று எண் உண்டு. தமிழுக்கு அப்படி ஒன்று கொடுக்கப்படவே இல்லை. விண்டோஸுக்குள் தமிழ் நேராக யூனிகோட் வழியாகவே வந்தது. நம் ஊர்க் கணினிகளில் வழக்கமாக இருப்பது மேற்கு ஐரோப்பிய 1252. பழைய சிஎஸ்வி வகையில் சேமிக்கும்போது எக்செல் இந்த அட்டவணையில் 'ம'வைத் தேடுகிறது, கிடைக்காமல் கேள்விக்குறி போடுகிறது. மதுரைக்கு மூன்று எழுத்துதானே, கேள்விக்குறி ஏன் ஐந்து? யூனிகோட் கணக்கில் அது ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என ஐந்து துண்டு. துண்டுக்கு ஒரு கேள்விக்குறி. இப்படிப் போனது திரும்பாது. கோப்பில் உண்மையிலேயே கேள்விக்குறிதான் எழுதப்பட்டிருக்கிறது. மூலமான எக்செல் கோப்பை அழிக்காமல் வைத்திருந்தால் தப்பித்தீர்கள்.

யூடிஎஃப்-8 பிறந்தது 1992 செப்டம்பரில், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு சிற்றுண்டிச்சாலையில். பெல் ஆய்வகத்தின் கென் தாம்சனும் ராப் பைக்கும் இரவு உணவுக்குப் போன இடத்தில், தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் தாம்சன் இதன் பைட் அமைப்பை எழுதிப் பார்த்தார் என்று பைக் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். சில நாட்களுக்குள் அவர்களுடைய பிளான் 9 இயங்குதளம் முழுவதும் இதற்கு மாறிவிட்டது. பழைய ஆங்கில எழுத்துகளும் கமாவும் மேற்கோள்குறியும் முன்பு போலவே ஒரே பைட்டில், அதே மதிப்பில் இருக்கும். மற்ற எழுத்துகளின் எந்தப் பைட்டும் அந்த மதிப்புகளைத் தொடாது. தமிழ்த் துண்டு ஒவ்வொன்றும் மூன்று பைட். 'ம' என்றால் `E0 AE AE`. கமாவோ `2C`. எனவே எந்தத் தமிழ் எழுத்தின் வயிற்றுக்குள்ளிருந்தும் பொய்க் கமா முளைத்துப் பட்டியலின் பத்தியைப் பிளக்காது. சிஎஸ்விக்காக யாரும் இதைச் செய்யவில்லை. ஆனால் சிஎஸ்விக்கு இதைவிடப் பொருத்தமான குறியாக்கத்தை யோசிப்பது கடினம்.

அந்த மூன்று பைட்டின் பூர்வீகம் யூடிஎஃப்-16. அங்கே பெரும்பாலும் ஒரு துண்டுக்கு இரண்டு பைட். சில கணினிகள் பெரிய பைட்டை முதலில் எழுதும், சில சின்னதை. வாசிப்பவருக்கு வரிசை தெரிய வேண்டுமே என்று கோப்பின் தலையில் U+FEFF என்ற குறியை வைத்தார்கள். `FE FF` என்று வந்தால் ஒரு வரிசை, `FF FE` என்று வந்தால் மற்றது. U+FFFE என்று ஓர் எழுத்து இல்லாதபடி ஒதுக்கி வைத்திருப்பதால் குழப்பத்துக்கு இடமில்லை. பைட் வரிசைக் குறி, சுருக்கமாக பிஓஎம், என்ற பெயர் இதனால்தான்.

யூடிஎஃப்-8-இல் வரிசைக் குழப்பமே கிடையாது. அதே U+FEFF-ஐ அங்கே எழுதினால் வருவதுதான் `EF BB BF`. இது தேவையுமில்லை, பரிந்துரைக்கவுமில்லை என்பதே யூனிகோட் தரத்தின் நிலை. மைக்ரோசாஃப்ட் அதைப் பிடித்துக்கொண்டது வேறு காரணத்துக்காக: கோட் பேஜ் கோப்புகளும் யூடிஎஃப்-8 கோப்புகளும் கலந்து கிடக்கும் கணினியில் இது பெயர்ப்பலகையாக உதவியது. நோட்பேட் பல காலம் யூடிஎஃப்-8 கோப்புகளின் தலையில் இதை ஒட்டிக்கொண்டே இருந்தது. 2019-இல்தான் பலகை இல்லாத வடிவத்தை இயல்பாக்கியது. எக்செல்லோ, 2016 பதிப்பில் வந்த அந்த `CSV UTF-8` வகையில், பலகையோடுதான் எழுதுகிறது.

பலகை இல்லாத சிஎஸ்வியை எக்செல்லில் இருமுறை சொடுக்கித் திறந்தால், அது பெரும்பாலும் 1252 என்று ஊகித்துவிடும். 'ம'வின் மூன்று பைட் `à®®` என்று மூன்று எழுத்தாக விரியும். திரை முழுக்க `à®`, `à¯` என்று தெரிந்தால், பதற வேண்டாம். கேள்விக்குறிக்கு நேர் எதிரான நிலை இது: கோப்பு முழுசாக இருக்கிறது, வாசிப்புதான் தவறு. இந்த நிலையில் சேமிக்காதீர்கள். அதுவும் `CSV UTF-8` ஆகச் சேமித்தால் அந்த `à®` குப்பையே சுத்தமான யூடிஎஃப்-8 ஆகிவிடும். சேமிக்காமல் மூடிவிட்டு, வெற்றுத் தாளைத் திறந்து, `Data` பட்டையில் `From Text/CSV` வழியாகக் கோப்பைக் கொண்டுவாருங்கள். `File Origin` பெட்டியில் `65001: Unicode (UTF-8)` என்று மாற்றியதும் முன்னோட்டத்திலேயே மதுரை வந்துவிடும். லிப்ரே ஆபிஸ் கால்க் இந்த வகையில் நாகரிகமானது: சிஎஸ்வியைத் திறக்கும்போதே எழுத்துத் தொகுதி என்னவென்று முன்னோட்டத்தோடு கேட்கும்.

சேமித்தபின் எக்செல்லைக் கேட்டு எக்செல்லின் வேலையைச் சோதிப்பதில் அர்த்தமில்லை. கோப்பை நோட்பேடில் திறந்து கீழ்ப்பட்டையின் வலது ஓரத்தைப் பாருங்கள்: `UTF-8 with BOM`, `UTF-8`, `ANSI` மூன்றில் ஒன்று இருக்கும். மேக்கிலோ லினக்ஸிலோ முதல் மூன்று பைட்டை நேரடியாகவே பார்க்கலாம்:

```
head -c 3 list.csv | xxd
```

`efbb bf` என்று வந்தால் பலகை இருக்கிறது. நம் பட்டியலில் முதல் தலைப்பு 'எண்'. பலகை இல்லையென்றால் `e0ae 8e` வரும், அது 'எ'. இரண்டுமே நல்ல கோப்புதான். `3f3f 3f` வந்தால் மட்டும் மூலக் கோப்பைத் தேடிப் போக வேண்டும்.

பலகைக்கு ஒரு விலையும் உண்டு. அதை எதிர்பார்க்காத நிரல்கள் மூன்று பைட்டையும் தரவு என்றே எடுத்துக்கொள்ளும். பைத்தானில் `utf-8` என்று சொல்லி வாசித்தால் முதல் பத்தியின் பெயர் 'எண்' என்று இருக்காது, `\ufeffஎண்` என்று இருக்கும். அச்சிட்டால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். ஆனால் அந்தப் பத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இல்லை என்று பிழை வரும். அதற்குத்தான் இந்தப் பெயர்:

```
open("list.csv", encoding="utf-8-sig", newline="")
```

வாசிக்கும்போது பலகை இருந்தால் உரித்துவிடும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும். எழுதும்போது தானே ஒட்டிவிடும். கோப்பைப் பெறுபவர் எக்செல்லில் திறப்பார் என்றால் அப்படி எழுதுங்கள். இன்னொரு நிரல் வாசிக்கப்போகிறது என்றால் வெறும் `utf-8` போதும்.