பாஸ்போர்ட்டின் விவரப் பக்கங்கள்: புதுப்பிக்கும் முன் வாசித்தல்

இந்திய பாஸ்போர்ட் கையேட்டில் உரியவரைப் பற்றிய செய்திகள் முக்கியமாக இரண்டு இடங்களில் அச்சாகின்றன. புகைப்படத்தோடு முன்பக்கத்தில் பெயர், பிறந்த நாள், பிறந்த ஊர், செல்லுபடிக் காலம். கடைசிப் பக்கத்தில் தந்தை, தாய், கணவன் அல்லது மனைவி பெயர், முகவரி, முந்தைய பாஸ்போர்ட்டின் எண், கோப்பு எண். இவை தவிர அலுவலகம் ஏதேனும் குறிப்பு எழுதியிருந்தால் அந்தப் பக்கம் அப்சர்வேஷன் பக்கம் எனப்படுகிறது. புதுப்பித்தல் என்று நாம் சொல்வது அலுவலக வழக்கில் மறுவெளியீடு. பழைய கையேட்டில் எதையும் திருத்தித் தருவதில்லை, புதிய எண்ணோடு புதிய கையேடே வரும். பத்தாண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் வாய்ப்பு என்பதால் விண்ணப்பத்தைத் தொடங்குமுன் பழையதை எழுத்தெழுத்தாக வாசிப்பது நல்லது.

தமிழர்களுக்குச் சிக்கல் பெரும்பாலும் பெயரில்தான். நம் வழக்கில் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து இருக்கிறது. பாஸ்போர்ட்டிலோ சர்நேம், கிவன் நேம் என இரண்டு கட்டங்கள், இனிஷியலுக்கு இடமில்லை. சைதாப்பேட்டையில் வசிக்கும் ரா. முருகன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். 2016இல் எடுத்த பாஸ்போர்ட்டில் அவருடைய சர்நேம் கட்டம் வெறுமையாக இருக்கிறது. கிவன் நேமில் முருகன் மட்டும். தந்தை ராமசாமியின் பெயர் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கிறது. உள்நாட்டில் இதனால் தொல்லை இல்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பயணிகளைச் சுற்றுலா விசாவில் ஏற்பதில்லை என்று அறிவித்தது. சில நாளிலேயே, தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இரண்டாம் விவரப் பக்கத்தில் இருந்தால் போதும் என்று தளர்த்தியது. பலர் புரட்டியே பார்க்காத அந்தக் கடைசிப் பக்கம் முருகன் போன்றவர்களைக் காப்பாற்றியது அப்போதுதான். அமெரிக்க விசாவிலோ ஒற்றைப் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய்விடும். கிவன் நேமில் `FNU`, அதாவது பெயர் தெரியவில்லை என்ற குறி, விழும்.

முருகன் இப்போது தந்தை பெயரைச் சர்நேமாகச் சேர்த்தால், புகைப்படப் பக்கத்தின் அடியிலுள்ள இயந்திரம் படிக்கும் முதல் வரி இப்படி வரும்:

```
P<INDRAMASAMY<<MURUGAN<<<<<<<<<<<<<<<<<<<<<<
```

இரட்டைக் குறிக்கு முன்னால் இருப்பதையே கருவி சர்நேமாக எடுத்துக்கொள்ளும். விமான டிக்கெட்டும் இதே பிரிவில் இருக்க வேண்டும். அடுத்த வரியில் பிறந்த நாள் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் வரும்: 1989 மே 3 என்றால் `890503`. மாதமும் நாளும் இடம் மாறிப் பதிவாகியிருந்தால் இந்த வரியில் சட்டென்று தெரியும்.

சர்நேம் சேர்ப்பதா என்பது அவரவர் முடிவு. ஆதாரில் இனிஷியலும் பான் அட்டையில் விரித்த பெயரும் இருக்கும் வீடுகள் பல. முதலில் அவற்றை ஒன்றாக்கிக்கொண்டு பிறகு பாஸ்போர்ட்டைத் தொடுவதே என் பார்வையில் சரியான வரிசை. மாற்றம் வேண்டுமென்றால் விண்ணப்பத்தில் காலாவதிக் காரணம் மட்டும் போதாது. `Change in Existing Personal Particulars` என்பதையும் தேர்ந்து, எது மாறுகிறது என்று குறிக்க வேண்டும்.

அடுத்து இசிஆர் குறிப்பு. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி இந்தக் குறிப்பு உள்ளவர்கள் சவுதி, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். முன்பு அனுமதி தேவையில்லாதவர்களுக்கு இசிஎன்ஆர் என்று முத்திரை குத்தினார்கள். 2007க்குப் பின் அது நின்றது. இப்போது குறிப்பு ஏதும் இல்லாமல் இருப்பதே விலக்கு. பத்தாம் வகுப்புத் தேறியவர்களுக்கு விலக்கு உண்டு என்றாலும், விண்ணப்பத்தில் விலக்குக்குத் தகுதி உண்டா என்ற கேள்விக்குத் தவறாக இல்லை என்று குறித்த பட்டதாரிக்கும் இசிஆர் விழுந்துவிடும். பத்தாம் வகுப்புச் சான்றைக் காட்டி மறுவெளியீட்டில் நீக்கிக்கொள்ளலாம். 2018 ஜனவரியில் கடைசிப் பக்கத்தையே அச்சிடாமல் விட்டு, இசிஆர் காரர்களுக்கு ஆரஞ்சு நிற அட்டை தரும் திட்டம் வந்தது. ஏழைத் தொழிலாளியை நிறத்தால் பிரித்துக் காட்டுவதா என்ற எதிர்ப்பு எழுந்தது. அந்த மாதமே அரசு அதைக் கைவிட்டது. கைவிட்டது நியாயமே.

முகவரியில் தெருவும் கதவு எண்ணும் இன்றைய வீட்டுக்குரியவையா என்று பார்க்க வேண்டும். வாடகை வீடு மாறியவர் பழைய முகவரியையே எழுதிக் கொடுத்தால், காவல் நிலையத்திலிருந்து விசாரிக்க வருபவர் ஆளைக் காண முடியாமல் திரும்புவார். எதிர்மறை அறிக்கையால் கோப்பு நின்றுபோகும்.

முருகன் வசிக்கும் சைதாப்பேட்டையில் பாஸ்போர்ட் சேவா கேந்திரம் இல்லை. சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் ஆகிய மூன்றில் ஒன்றுக்குப் போக வேண்டும். தாம்பரத்துக்குப் புறநகர் ரயிலில் நேரே போகலாம். பழைய கையேட்டோடு அதன் முதல் இரண்டு, கடைசி இரண்டு பக்கங்களின் நகலும், அப்சர்வேஷன் குறிப்பு இருந்தால் அந்தப் பக்கத்தின் நகலும் கையொப்பமிட்டுக் கொண்டுபோக வேண்டும். ஏ கவுன்ட்டரில் படமும் கைரேகையும் எடுத்த பின் விவரங்களைத் திரையில் காட்டுவார்கள். பழைய பாஸ்போர்ட்டைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு சர்நேம் கட்டத்திலிருந்து பின்கோடு வரை ஒப்பிட்டுப் பார்த்துச் சரி சொல்ல வேண்டிய இடம் அதுதான். பி, சி கவுன்ட்டர்களில் அலுவலர்கள் அந்தப் பதிவையே சான்றுகளோடு சரிபார்த்து ஒப்புதல் தருகிறார்கள்.