கர்ப்பகாலச் சிபிலிஸ் பரிசோதனை: முடிவுகளும் சிகிச்சையும்

சிபிலிஸ் எனப்படும் மேகப்புண், டிரிப்போனிமா பாலிடம் என்னும் பாக்டீரியாவால் உண்டாகும் பால்வினை நோயாகும். கர்ப்பிணியின் இரத்தத்தில் உள்ள இக்கிருமி நஞ்சுக்கொடி வழியாகக் கருவைச் சென்றடையக்கூடும். பல கர்ப்பிணிகளிடம் வெளிப்படையான அறிகுறி எதுவும் தோன்றுவதில்லை. எனவே, கர்ப்பத்தைப் பதிவு செய்யும் முதல் வருகையிலேயே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இப்பரிசோதனை செய்யப்பட வேண்டும்.

இரு வகைப் பரிசோதனைகள்

முதல் வகை, இக்கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்பொருளைக் கண்டறிகிறது. விரல் நுனி இரத்தத்தில் செய்யப்படும் விரைவுப் பரிசோதனையும், ஆய்வகத்தில் செய்யப்படும் டி.பி.எச்.ஏ. பரிசோதனையும் இவ்வகையைச் சேர்ந்தவை. நோய் முற்றிலும் குணமான பின்னரும் இம்முடிவு பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நேர்மறையாகவே இருக்கும்.

இரண்டாம் வகை ஆர்.பி.ஆர். அல்லது வி.டி.ஆர்.எல். பரிசோதனையாகும். இதன் முடிவு 1:8, 1:32 என்பது போன்ற அளவீடாகத் தரப்படும். 1:32 என்றால், இரத்தச் சீரத்தை 32 மடங்கு நீர்த்த பின்னரும் வினை தெரிகிறது என்று பொருள். சிகிச்சைக்குப் பின் இவ்வளவீடு படிப்படியாகக் குறையும்.

முடிவுகளை இணைத்துப் படித்தல்

இரண்டும் நேர்மறையாக இருந்து, முன்னர் முழுச் சிகிச்சை பெற்றதற்கான ஆவணம் இல்லையெனில், அது சிகிச்சை தேவைப்படும் தொற்றாகக் கொள்ளப்படும். விரைவுப் பரிசோதனை மட்டும் நேர்மறையாக இருப்பின், பழைய தொற்றாகவோ மிக அண்மைய தொற்றாகவோ இருக்கலாம். சிகிச்சை ஆவணம் இல்லாத கர்ப்பிணிக்கு இந்நிலையிலும் சிகிச்சை அளிப்பதே பாதுகாப்பானது. ஆர்.பி.ஆர். மட்டும் குறைந்த அளவில் நேர்மறையாக இருப்பின், அது வேறு காரணங்களால் தோன்றிய பொய் நேர்மறையாக இருக்கக்கூடும். கர்ப்பமும் அவற்றுள் ஒன்று. இரண்டும் எதிர்மறையாயினும், தொற்று வாய்ப்பு உள்ளவர்களுக்குக் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் மீண்டும் பரிசோதிக்க வேண்டும்.

பென்சிலின் சிகிச்சை

கருவையும் சேர்த்துக் குணப்படுத்தும் என்று உறுதிப்பட்ட மருந்து பென்சிலின் ஒன்றே. பென்சாதைன் பென்சிலின் 24 இலட்சம் அலகுகள் தசையில் ஊசியாகப் போடப்படும். அண்மையில் ஏற்பட்ட தொற்றுக்கு ஒரு தவணை போதுமானது. பழைய தொற்றாகவோ, எப்போது ஏற்பட்டதெனத் தெரியாததாகவோ இருப்பின், வாரம் ஒன்றாக 3 தவணைகள் தேவை. இரு தவணைகளுக்கிடையே 9 நாட்களுக்கு மேல் கடந்துவிட்டால், கர்ப்பிணிக்கு முதல் தவணையிலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டும்.

பிரசவத்திற்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன் சிகிச்சை தொடங்கியிருந்தால்தான் குழந்தைக்குப் போதிய பாதுகாப்பு கிடைத்ததாகக் கருதப்படும். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு, மருத்துவமனையில் சிறு அளவில் தொடங்கி உடலைப் பழக்கி, அதே மருந்து தரப்படும். எரித்ரோமைசின், அசித்ரோமைசின் ஆகியவை கருவை நம்பத்தக்க வகையில் குணப்படுத்துவதில்லை.

ஊசி போட்ட 24 மணி நேரத்திற்குள் காய்ச்சலும் உடல்வலியும் வரலாம். இது கிருமிகள் அழியும்போது ஏற்படும் எதிர்வினையே, ஒவ்வாமை அன்று. ஆயினும் வயிற்று இறுக்கம் ஏற்பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

14-ஆம் வாரத்தில் ஒரு கர்ப்பிணியின் விரைவுப் பரிசோதனை நேர்மறையாகவும், ஆர்.பி.ஆர். 1:32 ஆகவும் உள்ளன. முன்னர் சிகிச்சை பெறவில்லை. தொற்றிய காலமும் தெரியவில்லை. அவருக்கு 3 தவணைகள் போடப்படுகின்றன. கணவரும் பரிசோதிக்கப்பட்டுச் சிகிச்சை பெறுகிறார். இல்லையேல் தொற்று மீண்டும் வரக்கூடும். 28-ஆம் வாரத்தில் அளவீடு 1:8 ஆகிறது. நான்கு மடங்கு குறைந்துள்ளதால், சிகிச்சை பலன் தந்துள்ளது. மாறாக, அளவீடு நான்கு மடங்கு உயர்ந்தால் மறுதொற்று அல்லது சிகிச்சைத் தோல்வியை ஐயுற வேண்டும்.

பிரசவத்தின்போது தாய்க்கு 1:4, குழந்தைக்கு 1:2 என வருகிறது. குழந்தையும் நலமாகத் தோன்றுகிறது. இது தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளாகவே இருக்கக்கூடும். தொடர் கண்காணிப்பில் 6 மாதங்களுக்குள் மறைய வேண்டும். குழந்தையின் அளவீடு 1:16 ஆக, அதாவது தாயினுடையதைப் போல நான்கு மடங்காக இருந்திருந்தால், குழந்தைக்கும் தொற்று உள்ளதெனக் கொள்ளப்படும். ஒப்பிடும் பரிசோதனைகள் ஒரே முறையில், இயன்றவரை ஒரே ஆய்வகத்தில் செய்யப்பட வேண்டும்.

சிகிச்சை பெறாவிடில்

கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல், குறைப்பிரசவம், பிறந்த சில நாட்களில் இறப்பு ஆகியவை நேரலாம். பிறக்கும் குழந்தைக்கு விடாத மூக்கொழுக்கு, உள்ளங்கை உள்ளங்கால்களில் தடிப்பு, கல்லீரல் மண்ணீரல் வீக்கம், இரத்தசோகை, எலும்புப் பாதிப்பு ஆகியவை காணப்படலாம். தொற்றுள்ள பல குழந்தைகள் பிறக்கும்போது நலமாகவே தோன்றும். காது கேளாமையும் பார்வைப் பாதிப்பும் பல ஆண்டுகள் கழித்து வெளிப்படக்கூடும். எனவே தாய் சிகிச்சை பெறாதிருந்தாலோ, பிரசவத்திற்கு மிக அருகில் பெற்றிருந்தாலோ, குழந்தை நலமாகத் தோன்றினும் மருத்துவர் முழுமையாகப் பரிசோதித்துப் பென்சிலின் சிகிச்சை அளிப்பார். பரிசோதனை முடிவும் ஒவ்வோர் ஊசியின் தேதியும் தாய் சேய் நல அட்டையில் பதிவாகியிருப்பதை உறுதி செய்துகொண்டு, பிரசவத்திற்குச் செல்லும்போது அவ்வட்டையை உடன் எடுத்துச் செல்லவும்.