Pbca: நான்கெழுத்தில் ஒரு படிகம்

பல்லாவரத்தின் கருங்கல்லுக்குத் தனிப்பெயர் உண்டு: சார்னோகைட். கொல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறையில் பதித்திருப்பதும் இந்த வகைக் கல்தான் என்பதால், தாமஸ் ஹாலந்து 1893இல் அப்படிப் பெயரிட்டார். இதில் முக்கியமான கனிமம் ஹைப்பர்ஸ்தீன். அதன் அணு அடுக்கைச் சொல்லும் குறியீடு Pbca.

அணுக்கள் சமச்சீராக அடுக்கி நிற்க 230 விதங்களே உண்டு என்பதை ஃபெதோரோவும் ஷோன்ஃப்ளீஸும் 1891இல் காட்டியிருந்தார்கள். இவற்றைப் புறவெளித் தொகுதிகள் என்கிறோம். ஷோன்ஃப்ளீஸ் முறையில் நம் கனிமத்தின் தொகுதி D<sub>2h</sub><sup>15</sup>. இதில் D<sub>2h</sub> புள்ளித் தொகுதியைச் சொல்லிவிடும். 15 என்பதோ வெறும் வரிசை எண். எந்தத் தளம் எந்தத் திசையில் இருக்கிறது என்று அது சொல்லாது. எக்ஸ்ரே படங்களைக் கொண்டு அணுக்களின் இடத்தைத் தேடியவர்களுக்கு அந்த விவரம்தான் வேண்டியிருந்தது. ஜெர்மானியர் கார்ல் ஹெர்மன் 1928இல் புதிய குறியீட்டை முன்வைத்தார். பிரெஞ்சுக்காரர் ஷார்ல் மோகன் 1931இல் அதைச் செப்பனிட்டார். 1935இல் வெளியான சர்வதேச அட்டவணைகள் அதை நிலைநிறுத்தின.

இனி Pbcaவைப் படிப்போம். பெரிய எழுத்து P அணிக்கோவையின் வகை: கூட்டின் மூலைகளில் மட்டுமே புள்ளிகள், நடுவிலோ முகங்களிலோ இல்லை. அடுத்த மூன்று எழுத்துகள் முறையே a, b, c அச்சுகளுக்குச் செங்குத்தான தளங்களைக் குறிக்கின்றன. முதல் இடத்தில் உள்ள b, a அச்சுக்குச் செங்குத்தான நழுவுத் தளம். அது அணுவைப் பிரதிபலித்து, கூடவே b திசையில் அரைக்கூடு தள்ளுகிறது. அடுத்தது c திசையிலும், கடைசியானது a திசையிலும் தள்ளும்.

புள்ளித் தொகுதி வேண்டுமென்றால் தள்ளுதலை மறந்துவிட வேண்டும். அப்போது மூன்று எழுத்தும் வெறும் ஆடித் தளமாகி, mmm கிடைக்கிறது. ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று ஆடிகள் என்பதால் இது செஞ்சாய்சதுர அமைப்பு.

குறுங்குறியீடு சொல்லாமல் விட்டதையும் கணக்கிட்டே எடுக்கலாம். முதல் இரண்டு தளங்களை அடுத்தடுத்துச் செயல்படுத்தினால் பிரதிபலிப்பு இரண்டும் சேர்ந்து c அச்சைச் சுற்றிய 180° சுழற்சியாகிறது. c திசைத் தள்ளுதல் அரைக்கூடாக எஞ்சுகிறது. அதுவே 2<sub>1</sub> திருகு அச்சு. மற்ற இரு திசைகளிலும் இப்படியே. ஆகவே முழுக் குறியீடு P 2<sub>1</sub>/b 2<sub>1</sub>/c 2<sub>1</sub>/a. மூன்று தளங்களையும் சேர்த்தால் சமச்சீர் மையமும் வந்துவிடும்.

எச்சரிக்கை ஒன்று: a, b அச்சுகளின் பெயரை மாற்றிக்கொண்டால் இதே தொகுதி Pcab ஆகிவிடும். பழைய கட்டுரையில் அப்படிக் கண்டால் வேறு படிகம் என்று முடிவுகட்டாமல், கூட்டின் நீளங்களை முதலில் ஒப்பிட வேண்டும். ஹைப்பர்ஸ்தீனில் Pbcaவுக்குரிய a சுமார் 18 ஆங்ஸ்ட்ராம், b சுமார் 9, c சுமார் 5.