மிளகும் மிளகாயும்: இரு எழுத்துகளில் தட்டச்சாகும் பொருட்பெயரைத் தேடுதல்

மளிகை மொத்தக் கடையில் ஆர்டர் எடுக்கும் ஊழியரின் காதில் தொலைபேசி இருக்கும். ஒரு கைதான் விசைப்பலகையில் இருக்கும். எதிர்முனையில் சில்லறைக் கடைக்காரர் பொருள்களை அடுக்கிக்கொண்டே போவார். இந்த நிலையில் ஊழியர் `மிளகு` என்று தமிழில் அடிக்கலாம். `milagu` என்றோ `milaku` என்றோ ஆங்கில எழுத்தில் அடிக்கலாம். மூன்றுக்கும் ஒரே பொருள் வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் அவர் காத்திருப்பதில்லை, அந்தப் பெயரில் புதிய பொருளொன்றை உருவாக்கிவிடுவார். சில மாதங்களில் ஒரே மிளகு மூன்று குறியீடுகளில் கிடக்கும். ஒன்றில் இருப்பு எதிர்மறையில் நிற்கும், இன்னொன்றில் விற்காத மூட்டை இருப்பதாகக் கணக்குக் காட்டும். தேடலில் தோன்றிய பிழை சரக்குக் கணக்கில் வந்து முடிகிறது.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் தீர்வு, ஆங்கில எழுத்தில் அடித்ததைத் தமிழாக மாற்றி, அதன் பிறகு தேடுவது. மின்னஞ்சல் எழுதுபவருக்கு இது போதும், அவர் திரையைப் பார்த்துத் திருத்திக்கொள்வார். ஆர்டர் எடுப்பவருக்கு அந்த அவகாசம் இல்லை. `nannari` என்ற ஏழெழுத்தைப் பாருங்கள். இரட்டை n ன்னவா ண்ணவா, r ரவா றவா, மூன்று உயிர்களும் குறிலா நெடிலா? ஒவ்வொன்றிலும் இரண்டு வாய்ப்பு என்றாலே 32 வடிவங்கள் வருகின்றன. அவற்றில் ஒன்றே நன்னாரி. எந்திரம் ஒன்றை ஊகித்துத் தேர்ந்தெடுக்கும். ஊகம் தவறினால் பொருள் இல்லை என்று சொல்லிவிடும்.

மறுதிசையில் போவதும் உதவாது. தமிழ்ப் பெயரை முறைப்படி ரோமன் எழுத்துக்கு மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். 2001இல் வெளியான ஐஎஸ்ஓ 15919 தரப்படி பச்சரிசி என்பது `paccarici` ஆகும். கடையில் யாரும் அப்படி அடிப்பதில்லை, `pacharisi` என்றுதான் அடிப்பார்கள். தரம் எழுத்தைப் பின்பற்றுகிறது, கடைக்காரர் ஒலியைப் பின்பற்றுகிறார். தமிழ் எழுத்து க, ச, ட, த, ப ஆகியவற்றின் வல்லோசையையும் மெல்லோசையையும் வேறுபடுத்துவதில்லை; ரோமன் எழுத்து வேறுபடுத்துகிறது. ரோமன் எழுத்து ல, ள, ழ வேற்றுமையைக் கைவிடுகிறது. தமிழ் அதைப் பேணுகிறது. இரண்டும் வெவ்வேறு இடங்களில் தகவலை இழப்பதால், ஒன்றை மற்றொன்றாக மாற்ற முயல்வதே வீண்வேலை என்பது என் வாதம். இரண்டு பக்கமும் எவை எவை தொலையுமோ அவை அனைத்தையும் தொலைத்துவிட்டு, எஞ்சியதை ஒப்பிடுவதே வழி. அந்த எச்சத்தை இங்கே ஒலிச்சுருக்கம் என்று அழைக்கிறேன்.

ஒலியால் பெயரைச் சுருக்கும் எண்ணம் புதிதல்ல. சவுண்டெக்ஸ் முறைக்கு ராபர்ட் ரசல் 1918இலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஆனால் அது ஆங்கிலப் பெயர்களை எண்ணி அமைந்தது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். சீரகத்தை ஒருவர் `seeragam` என்றும் மற்றொருவர் `jeeragam` என்றும் அடித்தால் முன்னது S625, பின்னது J625. சீரகம் அங்கேயே இரண்டாகிவிடும். தமிழுக்குத் தமிழின் ஒலியமைப்பை ஒட்டிய சுருக்கம் தேவை.

அதற்கான விதிகள் அதிகமில்லை. க, ஹ, g மூன்றும் K. ச, ஜ, ஸ, ஷ, ஶ எல்லாம் S. ஆங்கிலப் பக்கத்தில் ch, sh, s, j அதே S. டவும் தவும் T, ஏனெனில் d, t, th, dh எதை எதற்கு எழுதுவார்கள் என்பதில் ஒழுங்கே இல்லை. ப, b இரண்டும் P. ந, ன, ண, ஞ, ங எல்லாம் N. ர, ற இரண்டும் R. ல, ள, ழ மூன்றும் L. Zh அதனுடன் சேரும். அடுத்தடுத்து வரும் ஒரே எழுத்து ஒன்றாகச் சுருங்கும். அதன் பிறகு உயிர்களையும் யகரத்தையும் நீக்க வேண்டும். சொல்லின் முதலில் உயிர் வந்தால் மட்டும் A என்ற அடையாளம் நிற்கும். `ellu`, `yellu`, எள்ளு மூன்றும் AL ஆவது இப்படித்தான். வற்றலுக்கு மட்டும் தனி விதி வேண்டியிருக்கிறது. அதை `vathal` என்றும் `vatral` என்றும் அடிப்பார்கள். எனவே ற்ற, ட்ர, tr, thr எல்லாவற்றையும் வெறும் T ஆக்கினால் மூன்று வடிவமும் VTL என்று ஒன்றுபடும்.

வேலையின் வரிசை முக்கியம். சொற்களுக்கு இடையிலுள்ள இடைவெளியை முதலில் எடுத்துவிட்டு, அதன் பிறகே இரட்டித்த எழுத்துகளைச் சுருக்க வேண்டும். பெயர்ப்பட்டியலில் ‘கடலைப் பருப்பு’ என்று ஒற்று மிகுந்து இருக்கும்; ஊழியர் `kadalai paruppu` என்று ஒற்றில்லாமல் அடிப்பார். சொல் சொல்லாகச் சுருக்கினால் KTLP, KTL என்று பிரிந்துபோகும். இடைவெளியை முன்பே நீக்கினால் இரு பகரங்களும் அருகருகே வந்து ஒன்றாகி, இரண்டும் KTLPRP ஆகிவிடும். வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்று பள்ளியில் படித்த பாடு எல்லாம் இந்த ஒரு படியில் அடங்கிவிடுவது வேடிக்கைதான். இணைத்த பெயரில், முதற்சொல் தவிர மற்றவற்றின் முன்னுள்ள A அடையாளத்தையும் விட்டுவிட வேண்டும். அப்போது `nalla ennai` என்பதும் நல்லெண்ணெய் என்பதும் NLN என்று ஒன்றாகும்.

இந்தச் சுருக்கத்தால் வேறொரு தொல்லையும் தீர்கிறது. ஒலிப்புமுறை விசைப்பலகையில் தமிழ் அடிக்கும்போது ஒவ்வொரு மெய்யும் முதலில் புள்ளியோடு தோன்றி, உயிர் சேர்ந்த பின்பே புள்ளி மறையும். `மிளகாய்` அடிப்பவரின் பெட்டியில் ஒரு கணம் `மிளக்` நிற்கும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடல் அந்தக் கணத்தில் பட்டியலைக் காலியாக்கிவிடும், அடுத்த விசையில் மீண்டும் நிரப்பும். பட்டியல் விட்டுவிட்டு மின்னுகிறது என்று ஊழியர்கள் முறையிடுவது இதைத்தான். ஒலிச்சுருக்கத்தில் புள்ளிக்கு இடமில்லை. `மிளக்` என்பதும் MLKதான்.

ஆங்கிலச் சூழலில் பழகிய நிரலர் இந்த இடத்தில் ஒரு தவறு செய்வது உண்டு. உச்சரிப்புக் குறிகளை நீக்குவதற்காக, யூனிகோடில் `Mn` வகைப்பட்ட குறிகளை எல்லாம் அழிக்கும் ஒரு வரியைச் சேர்த்துவிடுவார். பிரெஞ்சுச் சொல்லுக்கு அது சரி. தமிழில் புள்ளியும் (U+0BCD) ஈகாரக் குறியும் (U+0BC0) அந்த வகையில் இருக்கின்றன. ஆகாரக் குறி இல்லை. விளைவு, கீரை ‘கரை’ ஆகும், காய் ‘காய’ ஆகும். புள்ளி போன பிறகு இரட்டித்த மெய்யைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை.

சுருக்கத்தின் விலையை இனிப் பார்க்க வேண்டும்.

```
மிளகு     -> MLK
milagu    -> MLK
மிளகாய்   -> MLK
milagai   -> MLK
```

மிளகும் மிளகாயும் ஒன்றாகிவிட்டன. இரண்டும் எல்லா மளிகைக் கடையிலும் இருக்கும், ஒரே ஆர்டரில் அடுத்தடுத்து வரும், விலையோ வெவ்வேறு. தேனும் தினையும் அப்படியே, இரண்டும் TN. சுக்கும் சாக்கும் SK. உயிரை நீக்கியதன் விளைவு இது. அதற்காக உயிரைத் திரும்பச் சேர்த்தால் `vengayam`, `vengaayam` என்று பழைய சிக்கல் வந்துவிடும்.

விடை, வேலையை இரண்டாகப் பிரிப்பதில் இருக்கிறது. கண்டுபிடிப்பதற்கு ஒலிச்சுருக்கம், வரிசைப்படுத்துவதற்கு உயிர்கள். MLK என்ற சுருக்கம் கொண்ட பொருள்களை எல்லாம் எடுத்த பிறகு, அடித்த சொல்லின் உயிர்வரிசையை ஒவ்வொன்றுடனும் ஒப்பிட வேண்டும். குறில் நெடில் வேற்றுமையைப் பொருட்படுத்தாமல், இறுதி ஆய், ஐ இரண்டையும் ஒன்றாகக் கொண்டால், மிளகு இ-அ-உ, மிளகாய் இ-அ-ஐ. `milagu` என்று அடித்தவருக்கு மிளகு மேலே வரும். `milagai` என்று அடித்தவருக்கு மிளகாய். `milag` என்று நிறுத்தியவருக்கு இரண்டும் சம நிலையில் நிற்கும். இந்த மூன்றாம் நிலையில்தான் திரையின் நடத்தை முக்கியமாகிறது. பல மென்பொருள்களில் என்டர் தட்டினால் முதல் வரி தானாக ஏறிவிடும். ஒரே சுருக்கம் கொண்ட இரு பொருள்களுக்கிடையே உயிரொப்பீடு தெளிவான முதலிடம் தராதபோது என்டர் எதையும் ஏற்றக் கூடாது. ஊழியர் அம்புவிசையால் தேர்ந்தெடுத்தாக வேண்டும். பொருள் கிடைக்காமல் போவது ஒரு நொடி எரிச்சல். தவறான பொருள் ஏறினால் வண்டி போய்த் திரும்பி வர வேண்டும்.

ஒலி எதுவும் செய்ய முடியாத இடமும் உண்டு. சௌசௌவை எடுத்துக்கொள்வோம். ஔகாரக் குறிக்குப் பதிலாக ளகரத்தைச் சேர்த்து ‘செளசெள’ என்று அடிப்பவர்கள் ஏராளம். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது, சுருக்கமோ SS ஆகாமல் SLSL ஆகும். `chow chow` என்று அடித்தால் w ஒரு மெய்யாக எண்ணப்பட்டு SVSV ஆகும். அதே காயைப் பெங்களூர் கத்தரிக்காய் என்று கேட்பவர்களும் உண்டு. இந்த நான்கையும் எந்த விதியாலும் இணைக்க முடியாது, முயல்வதும் நல்லதல்ல, ஒவ்வொரு விலக்குக்கும் விதி எழுதினால் மற்ற பெயர்கள் குலையும். மாற்றுப்பெயர்ப் பட்டியல் ஒன்றே வழி:

```sql
SELECT item_code, alias_text
FROM item_alias
WHERE alias_key LIKE 'SVSV%';
```

நான்கு பெயர்களும் நான்கு வரிகளாக இருக்கும், `item_code` ஒன்றுதான். ஆர்டரில் பதிவாவதும் அந்தக் குறியீடே. ஊழியர் அடித்த சொல் தேடலோடு முடிந்துவிடும். இந்தப் பட்டியலை உட்கார்ந்து யோசித்து நிரப்ப வேண்டியதில்லை. ஒரு தேடல் வெறுமையாக முடிந்து, சில நொடிகளில் அதே ஊழியர் வேறு சொல் அடித்து ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தால், முதற்சொல் அந்தப் பொருளின் மாற்றுப்பெயராக இருக்க வாய்ப்பு அதிகம். அத்தகைய இணைகளைத் திரட்டிக் கடைக்காரரிடம் காட்டி, அவர் ஒப்புக்கொண்டதை மட்டும் சேர்க்க வேண்டும். தானாகச் சேர்க்க விடக் கூடாது. சுக்கு இல்லை என்றதும் மிளகு எடுத்துக்கொண்டவரின் தேடலும் அதே தோற்றத்தில்தான் இருக்கும்.

மாற்றுப்பெயருக்கு ஊரும் உண்டு. தமிழ்நாட்டின் பல பகுதிகளில் சர்க்கரை என்றால் வெள்ளைச் சர்க்கரை. தென்மாவட்டங்களில் அதைச் சீனி என்பார்கள். இலங்கையிலும் அது சீனிதான், அங்கே சர்க்கரை என்றால் வெல்லம். சென்னையில் சோம்பு எனப்படுவது யாழ்ப்பாணத்தில் பெருஞ்சீரகம். ஒரு மென்பொருள் இரு கரையிலும் விற்பனையானால் `item_alias` அட்டவணையில் வட்டாரத்துக்கென ஒரு நிரல் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் கொழும்புக் கடைக்காரர் கேட்ட வெல்லத்துக்குச் சீனி மூட்டை போகும்.

ஒலிச்சுருக்க விதிகளை ஒரு நிரலர் ஓரிரு நாளில் எழுதிவிடலாம். வட்டாரப் பெயர்ப்பட்டியல் அப்படி அமையாது. அது இன்று ஒவ்வொரு பில்லிங் மென்பொருளின் உள்ளேயும் தனித்தனியே முடங்கிக் கிடக்கிறது. அந்த மென்பொருள்களை எழுதுவோர், வாடிக்கையாளர் விவரம் எதுவும் இல்லாமல், பொருள், மாற்றுப்பெயர், மாவட்டம் என்ற மூன்று நிரல்களாக அந்தப் பட்டியலைப் பொதுவில் வெளியிட முன்வர வேண்டும்.