அலுமாரிக்குள் உதிர்ந்த சப்பாத்து



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் கடைசிவரை வாசியுங்கள்.

இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி நடந்துகொண்டிருந்தது. 400 மீற்றர் ஓட்டத்துக்கு நின்ற ஒரு மாணவன் புதுச் சப்பாத்தோடு வந்தான். வெளிநாட்டிலிருந்து மாமா அனுப்பியது, தடித்த அடி, பார்க்கவே எடுப்பு. முதல் வளைவைத் தாண்டுவதற்குள் அவன் தடுமாறி நின்றுவிட்டான். போய்ப் பார்த்தால், குதியின் அடி ஊறின றஸ்க் போல உதிர்ந்து செம்மண்ணில் கிடந்தது. நல்லவேளை, காலுக்கு ஒன்றுமில்லை.

அடுத்த நாள் தாய் வந்தா. "சேர், மூண்டு வருசமா அலுமாரிக்குள்ள பத்திரமா வச்சனான். கால் வளரட்டும் எண்டு ஒரு நாளும் போடவிடேல்ல. போலிச் சாமானைக் குடுத்து அவரை ஏமாத்திப்போட்டாங்கள்."

ஏமாற்று என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அதை விளங்கவைக்க, சப்பாத்தின் அடி வந்த வழியைக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

'சப்பாத்து' என்ற சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து நமக்கு வந்தது. அவர்களின் 'சப்பாத்தோ' நம் வாயில் சப்பாத்தாகிவிட்டது. அந்தக் காலத்துச் சப்பாத்துக்குத் தோல் அடிதான். றப்பர் அடி வர இன்னும் காலமிருந்தது. பச்சை றப்பர் வெயிலில் இளகி ஒட்டும், குளிரில் விறைத்து வெடிக்கும். அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் இரண்டும் நடக்காது என்று கண்டு, 1844இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் சார்ள்ஸ் குட்இயர். நம் தீவுக்கும் இதில் பங்குண்டு. பிரேசிலில் எடுத்த விதைகளிலிருந்து இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் முளைத்த றப்பர்க் கன்றுகள், 1876இல் கம்பஹாவுக்குப் பக்கத்திலுள்ள ஹேனரத்கொடைக்கு வந்து சேர்ந்தன.

இந்த றப்பரும் பருத்தித் துணியும் சேர்ந்து வந்ததுதான் கன்வஸ் சப்பாத்து. நம்மில் பலர் வெள்ளை பூசி, மதிலில் சாய்த்துக் காயவைத்துப் போட்ட அதே சப்பாத்து. 1936இல் பாட்டா நிறுவனம் இந்தியப் பள்ளி மாணவரின் உடற்பயிற்சி வகுப்புக்காக 'பாட்டா ரெனிஸ்' என்ற ஒன்றைச் செய்தது. நாம் போட்டதும் அதே சாதிதான். இதன் அடி மெல்லியது, தட்டையானது. துணியும் அடியும் சேருமிடத்தைச் சுற்றி ஒரு றப்பர்ப் பட்டி ஓடும். எல்லாவற்றையும் பொருத்திய பிறகு சப்பாத்தை முழுதாகச் சூட்டு அறைக்குள் வைத்து வேகவைப்பார்கள். பட்டியும் அடியும் அதில் ஒன்றாகிவிடும். அதனால் துணி கிழிந்த பிறகும் அடி கிடக்கும். குறை என்னவென்றால், குதிக்கு மெத்தை இல்லை. கல்லில் மிதித்தால் கல் தெரியும்.

அதே அடியை வைத்து, துணியைக் கணுக்காலுக்கு மேல் உயர்த்தினால் 'ஹைரொப்'. 1917இல் கொன்வேர்ஸ் நிறுவனம் கூடைப்பந்துக்காகச் செய்த 'ஓல் ஸ்ரார்' இதற்குத் தெரிந்த உதாரணம். உயரமாக இருப்பதால் கால் சுளுக்காது என்று நம்பவேண்டாம். துணி கணுக்காலை மூடும், திரும்புகிற காலை இறுக்கிப் பிடிக்கும் பலம் அதற்கு இல்லை.

மூன்றாவது 'கோர்ட்' சப்பாத்து, ரெனிஸ் ஆடுகளத்துக்காகப் பிறந்தது. மேல்பாகம் பெரும்பாலும் தோல். உருவம் தாழ்ந்தது, ஒழுங்கானது. அடியைக் கிண்ணம் போல வார்த்து, அதற்குள் மேல்பாகத்தை இருத்தி, கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றித் தைப்பார்கள். 1960களில் பிரெஞ்சு வீரர் றொபேர் ஹயேயின் பெயரில் வந்து, பிறகு ஸ்ரான் ஸ்மித்தின் பெயருக்கு மாறிய அடிடாஸ் சப்பாத்து இந்த வகை. பக்கவாட்டில் சட்டென்று திரும்புகிறவருக்கு இந்தத் தட்டை அடி நிதானம் தரும். வாங்கும்போது விளிம்புத் தையலை நகத்தால் கீறிப் பாருங்கள். சிலதில் நூலே இருக்காது, தையல் போல அச்சு மட்டும் இருக்கும். அப்படியானால் அது பசையில் மட்டும் நிற்கிறது.

நான்காவது ஓட்டச் சப்பாத்து. 1970களில் ஈ.வி.ஏ. என்ற பாரமில்லாத நுரை அடிக்குள் வந்தது. மேல்பாகம் நைலோன், பிறகு வலைத்துணி. குதி உயர்ந்து விரற்பக்கம் தாழ்ந்திருக்கும், முன்னோக்கிச் சாய்ந்த உருவம். நேராக ஓடுவதற்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் இதைப் போட்டுக்கொண்டு வலைப்பந்து விளையாடும் பிள்ளை பக்கத்துக்குத் திரும்பினால், உயர்ந்த மெத்தைக் குதி சரிந்து கணுக்கால் பிரளலாம். ஈ.வி.ஏ. உதிர்வது குறைவு. ஆனால் நாளடைவில் நசுங்கிச் செத்துவிடும். பக்கவாட்டில் நிறைய மடிப்புக் கோடுகள் விழுந்து, அமுக்கும்போது துள்ளல் இல்லையென்றால் அதன் காலம் முடிந்தது.

ஐந்தாவதுதான் அந்த மாணவன் போட்டது. 'சங்கி' என்கிறார்கள், குண்டுச் சப்பாத்து. பல அடுக்கு அடி, வீங்கிய உருவம், துணியும் தோலும் கலந்த மேல்பாகம். 2017இல் பலென்சியாகா விற்ற 'ரிப்பிள் எஸ்' மூன்று விதச் சப்பாத்துகளின் அடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. அதோடு இந்த உருவம் ஊரெல்லாம் பரவியது. இது களத்துக்கென்று செய்ததல்ல, பார்வைக்குச் செய்தது. பாரமும் கூட.

இந்தத் தடித்த அடிகள் பலவற்றில் பொலியூரத்தேன் என்ற நுரை இருக்கிறது. நசுங்காமல் நெடுநாள் தாங்குவது அதன் நல்ல குணம். ஆனால் அதில் ஒரு வகைக்குத் தண்ணீர்தான் எமன். காற்றிலுள்ள ஈரம் மெல்ல உள்ளே போய், நுரையைச் சேர்த்துப் பிடிக்கும் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. சூடும் ஈரமும் கூடினால் வேகமும் கூடும். நம்முடைய மாரிக் காலத்தில், காற்றோட்டமில்லாத அலுமாரிக்குள், பெட்டியோடு பொலித்தீன் பையில் சுற்றி வைத்தால் ஈரம் வெளியேற வழியே இல்லை. 1988இல் வந்த மூன்றாவது ஏர் ஜோர்டானை ஆசையாகச் சேர்த்து வைத்தவர்களுக்கும் இதே கதிதான். போடாமலே அடி பொடியாகியது.

தாயிடம் கேட்டேன். மாமா அதை மலிவு விற்பனையில் வாங்கியிருந்தாராம். அப்படியென்றால் கடையிலும் சில வருடம் கிடந்திருக்கலாம். அதோடு நம் அலுமாரியில் மூன்று வருடம். அவன் காலில் ஏறுமுன்பே அது கிழடாகிவிட்டது. சப்பாத்துத் தைக்கிறவரிடம் கொடுத்தாலும் பயனில்லை. உதிர்ந்த நுரையில் பசை எதைப் பிடிக்கும்?

ஆகவே மூன்று சொல்கிறேன். பார்சலில் வந்த சப்பாத்தைக் கால் வளரும்வரை வைக்காதீர்கள். இப்போதே அளவான பிள்ளை யாராவது இருந்தால் கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே வைத்திருந்தால் பொலித்தீனைக் கழற்றி, நிழலில் காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். போட்டி நாளுக்கு முன் தடித்த அடியைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் மீளாவிட்டால், கையில் பிசுபிசுத்தால், முடி போல வெடிப்பு ஓடினால், அதைப் போட்டு ஓட விடாதீர்கள்.

பையன் கடைசியில் அண்ணாவின் பழைய கன்வஸ் சப்பாத்தைப் போட்டு ஓடினான். மூன்றாமிடம். அடுத்த நாள் குதி நோகுது என்றான். மெத்தை இல்லாத அடி, நோகத்தான் செய்யும். ஆனால் அடி கழரவில்லை.

உங்கள் அலுமாரியை இன்றைக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். உதிர்ந்தது ஏதும் கிடந்தால் கீழே எழுதுங்கள்.