டெல்டா முறை: பெயருக்கு முன்பே பிறந்த கணக்கு

ராபர்ட் டார்ஃப்மன் என்றதும் பொருளாதாரம் படித்தவர்களுக்கு சாமுவெல்சன், சோலோ இருவரோடும் சேர்ந்து நேரியல் திட்டமிடல் நூல் எழுதிய ஹார்வர்ட் பேராசிரியர் நினைவுக்கு வருவார். பலருடைய ரத்த மாதிரிகளைக் கலந்து ஒரே சோதனையில் பார்க்கலாம் என்று 1943-இல் எழுதியவரும் அவரே; கொரோனாக் காலத்தில் அந்த யோசனைக்கு மறுபடியும் வேலை வந்தது. இந்தப் புகழெல்லாம் வருவதற்கு முன்பே, 1938-இல், இருபது வயதைத் தாண்டிய இளைஞராக, ‘தி பயோமெட்ரிக் புல்லட்டின்’ என்ற அதிகம் அறியப்படாத இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். δ-முறையால் விலக்க வர்க்கச் சராசரிக்கான சூத்திரங்களைக் காண்பது பற்றிய குறிப்பு அது. முறை உலகமெங்கும் பரவியது; குறிப்பை யாரும் தேடவில்லை. 2012-இல்தான் ஜே வெர் ஹோஃப் என்ற புள்ளியியலாளர், ‘இதைக் கண்டுபிடித்தவர் யார்?’ என்று கேட்டு அதைத் தூசி தட்டி எடுத்தார்.

டார்ஃப்மன் தீர்க்க நினைத்த சிக்கல் இதுதான். சராசரியின் திட்டப் பிழை நமக்குத் தெரியும்: σ/√n. ஆனால் நமக்கு வேண்டியது பெரும்பாலும் சராசரி அல்ல. அதன் மடக்கை, தலைகீழ், வர்க்கமூலம் என்று வேறு ஏதாவது. அதன் பிழையை எப்படிச் சொல்வது?

ஒரு தொலைபேசிக்கு வரும் இரண்டு அழைப்புகளுக்கு இடையிலான நேரத்தை 100 முறை குறித்து வைத்தோம் என்று கொள்வோம். சராசரி 5 நிமிடம், திட்ட விலக்கமும் 5 நிமிடம். சராசரியின் திட்டப் பிழை 5/√100, அதாவது 0.5. நமக்கு வேண்டியதோ நிமிடத்துக்கு எத்தனை அழைப்பு என்பது: 1/5 = 0.2. இங்கே 1/x என்ற வளைகோட்டை x = 5 என்ற இடத்தில் தொடுகோடாக மாற்றிக்கொள்கிறோம். அதன் சாய்வு −1/25. உள்ளே 0.5 அளவுக்கு ஆட்டம் இருந்தால், வெளியே 0.5 × 1/25 = 0.02 அளவுக்கு ஆட்டம். முறை முழுவதும் அவ்வளவுதான்:

Var[g(x̄)] ≈ g′(μ)² · σ²/n

வளைவைக் கோடாக்கிப் பிழையைக் கடத்தும் இந்த உத்தி டார்ஃப்மனுக்கு நூறாண்டு மூத்தது. காஸ் 1823-இல் வெளியிட்ட பிழைக் கோட்பாட்டில், அளந்த எண்களிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் ஓர் எண்ணின் பிழையை இப்படித்தான் மதிப்பிட்டார். கோணங்களை அளந்து தூரங்களைக் கணக்கிட்டு எடுக்கும் நில அளவையாளருக்கு அன்றாடம் தேவைப்பட்ட விஷயம் அது. வெர் ஹோஃபின் கட்டுரைக்கு மறுமொழியாக ‘உண்மையில் யார்?’ என்ற கேள்வியோடு பின்னால் இன்னொரு கட்டுரையும் வந்தது. எனக்கு அந்தச் சண்டையில் பெரிய ஆர்வமில்லை. டெய்லர் தொடரின் முதல் உறுப்போடு நிறுத்திக்கொள்வதற்கு ஒரே ஒரு தகப்பனைத் தேடுவது வீண் வேலை.

அந்த ‘≈’ குறிக்கு என்ன அர்த்தம் என்பதே எனக்குப் பெரிய கேள்வி. டார்ஃப்மனுக்கு மூன்றாண்டு முன்பே, 1935-இல், ஜோசப் டூப் அதற்குப் பதில் எழுதியிருந்தார். 1946-இல் ஹரால்ட் கிராமரின் பாடநூல் அதை ஒழுங்காக நிறுவியது. n பெரிதாகும்போது √n (g(x̄) − g(μ)) என்பதன் பரவல், g′(μ)²σ² என்ற விலக்க வர்க்கச் சராசரி கொண்ட இயல்நிலைப் பரவலை நெருங்குகிறது. தேற்றம் சொல்வது எல்லையில் கிடைக்கும் பரவலைப் பற்றி மட்டுமே. கையிலிருக்கும் n-க்கு g(x̄)-இன் உண்மையான விலக்க வர்க்கச் சராசரி இதுதான் என்று அது எங்குமே சொல்லவில்லை.

இந்த வேறுபாடு வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. அழைப்பு இடைவெளிகள் அடுக்குக்குறிப் பரவலில் அமைந்தவை என்றால், 1/x̄-இன் திட்டப் பிழையைத் தோராயம் இல்லாமலே கணக்கிடலாம். n = 100-க்கு விடை 0.0204, டெல்டா முறை தந்த 0.02-க்குப் பக்கத்திலேயே நிற்கிறது. n = 4 என்றால் டெல்டா முறை 0.1 என்கிறது, உண்மையில் அது 0.19-ஐ ஒட்டி இருக்கிறது. பாதிப் பிழை கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டது. n = 2 என்றால் உண்மையான விலக்க வர்க்கச் சராசரி முடிவிலி. டெல்டா முறை அப்போதும் தயங்காமல் 0.14 என்று ஓர் எண்ணை நீட்டும்.

கோளாறு எங்கே என்பதை முன்கூட்டியே பார்க்க வழி உண்டு. சராசரியிலிருந்து இரண்டு திட்டப் பிழை இடமும் வலமும் நகர்ந்து, அந்தத் துண்டில் வளைகோடு நேராகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். n = 100-க்கு அந்தத் துண்டு 4 முதல் 6 வரை; அங்கே 1/x ஏறக்குறையக் கோடுதான். n = 4-க்கு அது 0 முதல் 10 வரை நீள்கிறது. பூஜ்ஜியத்தை நெருங்கும்போது 1/x வானத்துக்குப் போய்விடுகிறது, தொடுகோடோ அதைப் பற்றிக் கவலைப்படாமல் 0.4-இல் நின்றுவிடுகிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு பள்ளம் உண்டு: சாய்வே பூஜ்ஜியமாகும் இடம். μ = 0 இருக்கும்போது x̄²-க்கு இந்தச் சூத்திரத்தைப் போட்டால் பிழை பூஜ்ஜியம் என்று விடை வரும். அது பிழையே இல்லை என்பதல்ல. முதல் உறுப்பு மறைந்து, ஒதுக்கிவைத்த இரண்டாம் உறுப்பே ஆட்சிக்கு வந்துவிட்டது என்று பொருள். அங்கே √n-க்குப் பதில் n-ஆல் பெருக்க வேண்டும். கிடைக்கும் பரவலும் இயல்நிலை அல்ல, கை-வர்க்கம்.